எட்டுக் கம்பம், ஏழு இடைவெளி

அந்தப் பெண் நொண்டுகிறாள் என்பதை நான் காலைப் பிரேயரில்தான் கவனித்தேன். பத்தாம் வகுப்பு வரிசையில் மூன்றாவதாக நிற்பவள். கொடி வணக்கம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது இடது காலை ஊன்றத் தயங்கினாள். உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்த எனக்கு, விளையாட்டு பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து கணக்கு நோட்டு எழுதும் பெண்ணாகத்தான் அவளைத் தெரியும். கீழே விழுந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாடு மிதித்துவிட்டதா என்றேன். அதற்கும் இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

“ஓடுனேன் டீச்சர். யார்ட்டயும் சொல்லாதீங்க.”

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் அது. அப்பா திருப்பூரில் வேலை. வீட்டில் அம்மா, அப்பாயி, ஒரு தம்பி, இரண்டு மாடு. காலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது இவள் வேலை. போகும்போது நிறை தூக்கு, திரும்பும்போது வெறும் தூக்கு. அந்தத் திரும்பும் வழியில், வாய்க்கால் கரைத் தார் ரோட்டில், காலிப் பால் தூக்கை ஒரு கம்பத்தடியில் வைத்துவிட்டு மே மாதம் முழுக்க ஓடியிருக்கிறாள். குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓட வேண்டும் என்பது ஆசை. வயதுக்கு வந்த புள்ள ரோட்டில் ஓடினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அப்பாயி முன்பே ஒருமுறை அதட்டியிருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அவளோடு நான் கழித்த ஏழெட்டு வாரங்களைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஓட்டங்களிலேயே ஒளித்துப் பழகுவதற்கு மிகக் கஷ்டமானது 400 மீட்டர் என்பதை எனக்கு அவள்தான் விளங்க வைத்தாள்.

எவ்வளவு தூரம் ஓடுவாய் என்று கேட்டேன். “எட்டுக் கம்பம் டீச்சர். ஒரு கம்பத்துக்கும் இன்னொரு கம்பத்துக்கும் அம்பது மீட்டர்னு லைன்மேன் அண்ணன் சொன்னாங்க.” எட்டு அம்பது நானூறு. நேரம்? கடிகாரம் கிடையாது, மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஓடுவாளாம். அறுபத்திரண்டு எண்ணுவதற்குள் எட்டாவது கம்பத்தைத் தொட்டுவிடுவாளாம். 62 வினாடி என்றால் எங்கள் மாவட்டத்தில் அந்த வயதுப் பெண்களில் அவளை யாரும் நெருங்க முடியாது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சனிக்கிழமை 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போய், அவளையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். 343 மீட்டர்.

முதல் கம்பத்தில் தொடங்கி எட்டாவது கம்பத்தில் முடித்தால் நடுவே இருப்பது ஏழு இடைவெளிதான். மே மாதம் முழுக்க அவள் ஓடியது 350 மீட்டர்கூட இல்லை. மனசுக்குள் எண்ணுவதிலும் கோளாறு உண்டு. மூச்சு வாங்கத் தொடங்கியதும் எண்ணிக்கை தாறுமாறாகிவிடும். அவள் எண்ணிய 62க்கும் கடிகாரத்தின் 62க்கும் உறவு கிடையாது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற பெண். கூட ஒருத்தர் நின்று பார்த்திருந்தால் முதல் நாளே இரண்டு பிழையும் தெரிந்திருக்கும்.

விடுபட்ட அந்த 57 மீட்டரில்தான் இந்த ஓட்டத்தின் உயிரே இருக்கிறது. முழு வேகத்தில் ஓடத் தொடங்கும்போது, தசைக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் சக்தி சில வினாடிகளுக்குத்தான் வரும். அதற்குப் பிறகு தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை அவசரமாக உடைத்துச் சக்தி எடுக்கிறது. மூச்சு வழியாக வரும் ஆக்சிஜன் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. சுமார் முப்பது, நாற்பது வினாடிக்கு மேல் கால் நாம் சொன்னபடி கேட்காது. தொடை கல்லாகிறது, தோள் காதுவரை ஏறிக்கொள்கிறது, கை முன்னும் பின்னும் வீசாமல் குறுக்கே ஆடுகிறது. ‘கால் கட்டிப்போச்சு’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். 100 மீட்டரில் இந்தக் கட்டம் வருவதற்கு முன்பே பந்தயம் முடிந்துவிடும். 1500 மீட்டரில் வேகம் குறைவு என்பதால் கடைசிவரை தள்ளிப்போடலாம். 400 மீட்டரில் தப்பிக்க வழியில்லை. இன்னும் நூறு மீட்டர் மிச்சம் இருக்கும்போது வந்து நிற்கும்.

வெற்றி பெறுகிறவர்களுக்கும் இதே கதிதான். 2018 ஜூலையில் பின்லாந்தின் தாம்பெரே நகரில் அசாம் விவசாயியின் மகள் ஹிமா தாஸ் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 51.46 வினாடியில் தங்கம் வாங்கினாரே, அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடைசி நேர்கோட்டுக்குள் நுழையும்போது அவர் முதலில் இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் தாண்டிப் போகிறார். பார்க்கிற நமக்கு அவர் திடீரென்று வேகம் பிடித்ததுபோல் இருக்கும். அந்த இடத்தில் எவராலும் வேகத்தைக் கூட்ட முடியாது. எல்லோருக்கும் வேகம் குறைகிறது, அவருக்குக் குறைவாகக் குறைகிறது. முதல் 200 மீட்டரை எவ்வளவு அளவோடு செலவழித்தார் என்பதன் பலன் அது.

எங்கள் பெண்ணுக்கு அந்த அளவு தெரியவில்லை. பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் ட்ராக்தான் உண்டு, இரண்டு சுற்று ஓட வேண்டும். கால் சரியான பிறகு முதன்முறையாக ஓடவிட்டு ஸ்டாப்வாட்சைப் பிடித்தேன். முதல் சுற்று 30.8 வினாடி. இரண்டாவது சுற்று 47. கடைசி அறுபது மீட்டரை அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். கோட்டைத் தாண்டியதும் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மொத்தம் 77.8.

பயந்துபோய்விட்டாள். “எட்டுக் கம்பம் ஓடுறப்ப இப்படி ஆகலையே டீச்சர்.”

அவளை எழுப்பி மெதுவாக நடக்க வைத்தேன். இந்த ஓட்டம் முடிந்தவுடன் படுத்துவிட்டால் குமட்டலும் தலைசுற்றலும் கூடும். பத்து நிமிடம் நடந்தால் தெளியும். வாந்தியும் குமட்டலும் புதிதாக ஓடுகிறவர்களுக்குச் சாதாரணம். ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ மட்டும் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, நன்றாக ஓய்வெடுத்த ஒரு காலையில், 200 மீட்டரை மட்டும் முழு வேகத்தில் ஓடச் சொன்னேன். 30.5. எல்லாம் விளங்கிவிட்டது. 400 மீட்டரின் முதல் பாதியில் 30.8 ஓடியவள் கையில் இருந்ததை ஏறக்குறைய மொத்தமாகவே செலவழித்திருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு எளிமையானது. தனியாக ஓடும் 200 மீட்டர் நேரத்தோடு இரண்டு, இரண்டரை வினாடி கூட்டினால் முதல் பாதி. அந்த முதல் பாதியோடு இன்னும் நான்கு வினாடி கூட்டினால் இரண்டாம் பாதி. அவளுக்கு 33ம் 37ம். மொத்தம் 70 வினாடி.

முதல் சுற்றில் இரண்டு வினாடி மெதுவாக ஓடினால் மொத்தத்தில் ஏழெட்டு வினாடி மிச்சமாகும் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது, அவளும் நம்பவில்லை. ஏனென்றால் முதல் 200 மீட்டரில் உடம்பு பொய் சொல்லும். அந்த நேரத்தில் எதுவுமே வலிக்காது, இன்னும் வேகமாகப் போகலாம் என்றுதான் தோன்றும். தன் உடம்பை மட்டும் நம்பித் தனியாக ஓடுகிறவர் இந்த இடத்தில் கட்டாயம் ஏமாறுவார். அதனால் 100 மீட்டர் புள்ளியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நான் விசில் ஊதினேன். 16.5 வினாடியில் முதல் விசில், 33ல் இரண்டாவது. விசில் வரும்போது அவள் செங்கல்லைத் தாண்டியிருந்தால் வேகம் அதிகம், தாண்டாமல் இருந்தால் குறைவு. ஒன்பது பத்து நாள் ஆனது. பிறகு விசில் இல்லாமலே 32.9, 33.2 என்று வரத் தொடங்கினாள்.

கால்வலியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் நாளே எங்கே வலி என்று காட்டச் சொன்னேன். உள்ளங்கையால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உட்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்குத் தடவிக் காட்டினாள். அப்படி நீளமாகப் பரவி வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சதையும் மேல்தோலும் அழற்சி கண்டிருக்கும். ஓய்வு கொடுத்தால் ஆறும். ஒரே ஒரு விரலை ஒரே இடத்தில் வைத்து ‘இங்கே’ என்று காட்டினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்கும்போது சுரீர் என்று குத்தினாலோ எலும்பிலேயே விரிசல் விட்டிருக்கலாம். அதற்கு எக்ஸ்ரேயும் மருத்துவரும் வேண்டும், ஓட்டத்தை வாரக்கணக்கில் மறந்துவிட வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் சிலசமயம் விரிசல் தெரியாது என்பதையும் பெற்றோர் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அவளுக்கு வலி வந்த காரணம் அவள் ஓடிய விதத்திலேயே இருந்தது. தார் ரோடு, வெறுங்கால், தினமும் முழு வேகம். வெறுங்காலில் தவறில்லை, தடகள விதிகளிலேயே வெறுங்காலோடு ஓட அனுமதி உண்டு. மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடியவர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஒரு 400 மீட்டரை ஓடினார். வெறுங்காலோடு தார் ரோடும் தினசரி வேகமும் சேர்ந்ததுதான் இவளுக்கு வினை. கிடைக்கிற பத்து நிமிடத்தை வீணாக்கக் கூடாது என்று ஒருநாள்கூட மெதுவாக ஓடியதில்லை, ஒருநாள்கூட விட்டதில்லை. வலித்தபோது யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு மண் தரையில் வாரம் மூன்று நாள் மட்டும் வைத்தோம். திங்கட்கிழமை 200 மீட்டர் மூன்று முறை, அளந்த வேகத்தில், நடுவே ஏழெட்டு நிமிடம் நடை. புதன்கிழமை 300 மீட்டர் இரண்டே முறை, நடுவே பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. வெள்ளிக்கிழமை 60 மீட்டர் விரைவு ஓட்டம் ஐந்தாறு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. புதன்கிழமை 300தான் மருந்து. 200க்கும் 300க்கும் இடைப்பட்ட மூன்றாவது நூறில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தங்களை அறியாமல் தளர்வார்கள். கடைசி நூறுக்காகச் சேமிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த நூறில் கையை விடாமல் வீசுவதற்கு அவளைப் பழக்கினேன். கை நின்றால் காலும் நின்றுவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு மனசு மிகவும் வலித்தது. உடம்பு லேசாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதியச் சத்துணவில் பாதியைத் தோழிக்குத் தள்ளிவிட்டு முட்டையையும் கொடுத்துவிடுவாளாம். காலையில் வெறும் வயிற்றில் ஓட்டம், வந்ததும் ஒரு டீ. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப் போட்டிருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.2. இந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான். அது குறைந்த உடம்போடு தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓடியிருக்கிறாள். மாதவிலக்கும் இரண்டு மாதமாக வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஓடுகிற பெண்ணுக்கு அது நின்றுபோனால், ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கு அது பெரிய அறிகுறி. கவனிக்காமல் விட்டால் எலும்பும் பலம் இழக்கும்.

மருத்துவர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும் என்றார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றும் சொன்னார். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடிய பிறகு வேர்க்கடலையும் வெல்லமும். மதிய முட்டை அவளுக்கே. இவ்வளவுதான் மாற்றம்.

இதையெல்லாம் செய்வதற்கு வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தாக வேண்டியிருந்தது. சொல்லாதீங்க என்று அவள் கெஞ்சியது என் காதிலேயே இருந்தது. ஆனால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் போட்டிக்குக் கூட்டிப்போக முடியாது. பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருவேன் என்றாள். அப்படியானால் நான் கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

அம்மா நேராகவே கேட்டார். “அரைக்கால் சட்டை போட்டுத்தான் ஓடணுமா டீச்சர்?” தேவையே இல்லை. ஆடை சுத்தமாகவும் உடம்பு தெரியாத துணியாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, நீளக் கால்சட்டை போட்டு ஓடலாம். அடுத்த கேள்வி, “கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகாதே? மாமியா அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்காங்க.” ஆகாது என்றேன். அப்பாயியின் பயத்தைப் பட்டிக்காட்டுப் பயம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துப்போனதைப் பார்த்துவிட்டு, பெண் உடம்புக்கு இது தாங்காது என்று பெரிய மனிதர்களே சொல்லி அந்தப் பந்தயத்தை 1960 வரை எடுத்து வைத்துவிட்டார்கள். பெண்களுக்கான 400 மீட்டர் ஒலிம்பிக்குக்குள் வந்ததே 1964ல், டோக்கியோவில்தான். அப்பாயி பிறந்து வளர்ந்த காலம் அது.

அம்மா கையெழுத்துப் போட்டார். அப்பாயியிடம் நானே பேசிக்கிறேன் என்றார்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. அங்கே முழு 400 மீட்டர் ட்ராக். அவளுக்கு ஆறாவது லேன் விழுந்தது. வளைவில் வெளி லேன்களின் சுற்று நீளம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தொடக்கக் கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுவார்கள். முறையாக அளந்த ட்ராக்கில் ஆறாவது லேன்காரர் முதல் லேனைவிட சுமார் 38 மீட்டர் முன்னால் நிற்பார். பார்க்க ஏதோ சலுகைபோல் இருக்கும். உண்மையில் அது தனிமை. பின்னால் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், முந்துகிறோமா பிந்துகிறோமா என்று புரியாது, பதற்றத்தில் முதல் பாதியிலேயே பாய்ந்துவிடுவார்கள். யாரையும் தேடாதே, உன் விசிலை மனசுக்குள் கேள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நான் 200 மீட்டர் புள்ளியில் நின்று பார்த்தேன். 33.1. இரண்டாம் வளைவில் மூன்று பேர் அவளைத் தாண்டினார்கள். அதில் இருவர் முதல் பாதியில் மின்னலாக வந்தவர்கள். நேர்கோட்டுக்குள் நுழைந்ததும் அவர்களின் தோள் ஏறுவது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் கை விடாமல் வீசிக்கொண்டிருந்தது. முகம் கோணிப்போய், வாய் திறந்து, ஆனால் கை நிற்கவில்லை. ஒருத்தியைத் தாண்டினாள். முடிவுக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் இன்னொருத்தியைத் தாண்டினாள். இரண்டாவது இடம், என் வாட்சில் 70.4. முடித்தபின் மண்ணில் உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள்.

அந்த மாதம் ரத்தம் பார்த்தபோது 11.4 இருந்தது. மாதவிலக்கும் திரும்பியிருந்தது. மறுநாளிலிருந்து பால் சொசைட்டிக்கு அம்மா போகத் தொடங்கினார். காலை ஆறு மணிக்கு அவள் பள்ளி மைதானத்தில் இருந்தாள், தம்பி கையில் என் பழைய ஸ்டாப்வாட்ச்.